பள்ளி மாறும் மாணவருக்குத் தலைமையாசிரியர் எழுதும் நடத்தைச் சான்று: டர்பன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார், டிரான்ஸ்பர் கார்டு இருக்கிறது, ரிப்போர்ட் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு சான்று எதற்கு? போலீஸ் தருவதும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. தென்னாப்பிரிக்கக் காவல்துறை பிரிட்டோரியாவிலிருந்து தரும் கிளியரன்ஸ் சான்று, ஒருவர் மேல் குற்றப் பதிவு உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். பள்ளியில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

டிரான்ஸ்பர் கார்டு எந்த கிரேடு, எந்தத் தேதி என்று சொல்கிறது. ரிப்போர்ட் மதிப்பெண்ணைச் சொல்கிறது. இவை தவிர, அரசுப் பள்ளிகளில் மாணவருக்கென்று ஒரு விவரக் கோப்பு உண்டு. அது பள்ளியிலிருந்து பள்ளிக்கு அவர் பின்னாலேயே போகும். உடல்நல வரலாறு, பழகும் விதம், எதில் உதவி தேவைப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நடத்தைச் சான்று அப்படிப்பட்டதல்ல. பெற்றோர் கையில் கொடுக்கிறோம். அவர்கள் அதை நகலெடுத்துப் பள்ளிக்கும் கொடுப்பார்கள், பர்சரி விண்ணப்பத்திலும் வைப்பார்கள், பகுதிநேர வேலைக்கும் காட்டுவார்கள். யார் கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. அதனால் கோப்பில் இருக்க வேண்டியதைக் கடிதத்தில் இறக்கக் கூடாது. பாதித் தகராறு இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகிறது.

சேர்த்துக்கொள்ளும் பள்ளி இந்தக் கடிதத்தில் என்னதான் தேடுகிறது?

நான் தேடுவதைச் சொல்கிறேன். பையன் எத்தனை காலம் அந்தப் பள்ளியில் இருந்தான்? எழுதியவருக்கு அவனை நேரில் தெரியுமா, இல்லை பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாரா? ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தானா? கண்டித்தால் கேட்டுக்கொள்கிறவனா, முறைத்துக்கொள்கிறவனா? மற்ற பிள்ளைகளோடு எப்படி? நாங்கள் முதல் வாரத்திலேயே கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

‘சிறந்த மாணவர்’, ‘பண்பானவர்’, ‘பள்ளிக்குப் பெருமை சேர்த்தவர்’ என்று வரும் கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் கிடையாது. படித்ததும் மடித்துக் கோப்பில் போட்டுவிடுவேன். ‘காலையில் தாமதமாக வருவார், ஆனால் வகுப்பைத் தவிர்க்க மாட்டார்’ என்று ஒரு வரி வந்தால் அதை வைத்து வகுப்பாசிரியரிடம் பேசலாம், பஸ் நேரத்தை விசாரிக்கலாம். உதவுகிற வரி என்றால் படிப்பவர் அதை வைத்து ஏதாவது செய்ய முடிய வேண்டும்.

‘நடத்தை நன்று’ என்று ஒரு வரி எழுதி முத்திரை வைத்தால் போதாதா? ஊரில் அப்படித்தானே கொடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் மாற்றுச் சான்றிதழிலேயே நடத்தைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ‘நன்று’ என்று நிரப்புகிறார்கள். எல்லாருக்கும் அதே சொல் என்று வாங்குகிறவருக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. இங்கே அந்தக் கட்டம் கிடையாது. நீங்கள் லெட்டர்ஹெட்டில் முழு வாக்கியமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். படிப்பவர் அதை உங்கள் வாக்காக எடுத்துக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை அங்கே யாரையாவது அடித்துவிட்டால், உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் தொலைபேசியில் கூப்பிடுவார். அடுத்த ஆண்டு நீங்கள் அனுப்பும் நல்ல பிள்ளையின் கடிதத்தையும் அவர் நம்ப மாட்டார்.

ஒரு மாணவனை எடுத்துக்கொண்டு வரி வரியாக எழுதிக் காட்ட முடியுமா?

கற்பனையாக ஒரு பையன். சாட்ஸ்வொர்த்தில் கிரேடு 8க்கு 2022 ஜனவரியில் சேர்ந்தான். அப்பாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்ததால் 2024 டிசம்பரோடு விலகுகிறான், அங்கே கிரேடு 11. பதிவேட்டில் இருப்பது இது: 2023 ஆகஸ்டில் கணிதத் தேர்வுத் தாளைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஒழுங்கு விசாரணை நடந்தது, ஒப்புக்கொண்டான், 5 பள்ளி நாள் இடைநீக்கம். அதற்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை. 2024இல் 17 நாள் வரவில்லை, பெரும்பாலானவற்றுக்கு வீட்டிலிருந்து கடிதம் உண்டு. 19 முறை தாமதம், எல்லாம் முதல் பீரியடில். செவ்வாய்க்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு கிரேடு 8 பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தான்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். பொருளை இங்கே தமிழில் தருகிறேன். அலுவலகத்தில் முதலில் தட்டச்சு செய்து கொண்டுவருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘இவர் எங்கள் பள்ளியில் படித்த காலம் முழுவதும் மிகச் சிறந்த ஒழுக்கத்துடன் விளங்கினார். நேர்மையும் காலந்தவறாமையும் உடையவர். எந்தப் பள்ளிக்கும் இவர் ஒரு சொத்து.’

இதில் மூன்று இடம் பொய். ‘காலம் முழுவதும்’ என்பது 2023 ஆகஸ்டையும் சேர்த்துக்கொள்கிறது. ‘நேர்மை’ என்பது விசாரணை நடந்த அதே விஷயத்தையே தொடுகிறது. காலந்தவறாமைக்குப் பதிவேடே எதிர்ச்சாட்சி. மூன்றாவது வாக்கியம் பொய்யில்லை, வெறும் காற்று.

அதே பையனுக்கு நான் எழுதுவது:

‘இவர் 2022 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, கிரேடு 8 முதல் 10 வரை, இங்கே படித்தார். தந்தையின் வேலை மாற்றத்தால் விலகுகிறார். கீழே உள்ளவற்றைப் பதிவேட்டையும் அவருடைய வகுப்பாசிரியர், கணித ஆசிரியர் சொன்னவற்றையும் கொண்டு எழுதுகிறேன்.

2024இல் 17 நாள் வரவில்லை. பெரும்பாலும் காரணம் தெரிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 19 முறை முதல் பீரியடுக்குத் தாமதமாக வந்தார். வந்த பிறகு வகுப்பைத் தவிர்த்ததாகப் பதிவு இல்லை.

2023 ஆகஸ்டில் ஒரு தேர்வு தொடர்பான விதிமீறலுக்காக 5 பள்ளி நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். விசாரணையில் தாமே ஒப்புக்கொண்டார். அதன் பின் அவர் மேல் எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை.

2024இல் வாரந்தோறும் கிரேடு 8 மாணவர்களுக்குக் கணிதத்தில் உதவினார். அவர் பொறுமையாக விளக்குவார் என்றும், சிறிய மாணவர்கள் அவரிடம் தயங்காமல் கேட்பார்கள் என்றும் கணித ஆசிரியர் சொல்கிறார்.

காலை வருகையில் தொடக்கத்திலேயே கவனம் வைத்தால் உதவும். கிரேடு 11இல் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.’

சில இடங்களைக் கவனியுங்கள். எங்கிருந்து தெரிந்தது என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. தாமதத்துக்கு நான் காரணம் கற்பிக்கவில்லை. டாக்ஸி கிடைக்காததாகவும் இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. விதிமீறலுக்கு ஒரு பத்தி, அதுவும் நடந்தது, தண்டனை, அதற்குப் பின் என்ற வரிசையில். வாட்ஸ்அப் குழு, கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் இல்லை; அவர்கள் வேறொருவருடைய பிள்ளைகள். ‘நேர்மையற்றவர்’ என்ற சொல்லும் இல்லை. ஒரு தடவை செய்ததை அவன் குணமாக எழுத எனக்கு ஆதாரம் கிடையாது.

பதினாறு மாதம் ஆகிவிட்டது, தண்டனையும் முடிந்துவிட்டது. ஏன் அதை இன்னும் இழுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. எல்லாரும் என்னோடு ஒத்துப்போவதில்லை. என் அளவுகோல் இரண்டு: புதிய பள்ளிக்கு அது இன்னும் பயன்படுமா? அதை விட்டால் மிச்சக் கடிதம் பொய்யாகுமா?

கிரேடு 8இல் ஒரு தடவை கைகலப்பு, அதோடு சரி என்றால் கிரேடு 10 கடிதத்தில் நான் எழுத மாட்டேன். இங்கே விஷயம் தேர்வு. கிரேடு 12இல் பள்ளி அளவில் செய்யும் மதிப்பீடும் மேட்ரிக் மதிப்பெண்ணில் சேருகிறது. அந்தத் தலைமையாசிரியருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. பையனுக்கும் அது இருந்தால்தான் நல்லது. ஒப்புக்கொண்டான், திருந்தினான், அடுத்த ஆண்டு அதே பாடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே பலமான பகுதி. முதல் பாதியை எடுத்துவிட்டால் இரண்டாம் பாதிக்கு எடை இல்லை.

பெற்றோர் ‘அந்தப் பத்தி வேண்டாம் சார்’ என்று வந்து நின்றால்?

நிற்பார்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

முதலில் சட்டம். போபியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டுச் சட்டம். 2021 ஜூலை முதல் முழுமையாக அமல்படுத்தப்படுகிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பற்றிய தகவலை வெளியே கொடுக்கப் பொதுவாகப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய தகவலுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் நடத்தைச் சான்று அப்படிக் கட்டாயமானதல்ல. பெற்றோர் கேட்பதால் தருகிறோம். அதனால் அவர்கள் சம்மதிக்காததை அதில் போட முடியாது.

அதே சமயம், அவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காகப் பொய்யும் எழுத முடியாது. அப்போது நான் கடிதத்தின் எல்லையைச் சுருக்கி, சுருக்கியது கண்ணுக்குத் தெரியும்படி வைப்பேன்: ‘பெற்றோரின் வேண்டுகோளின்படி இக்கடிதம் 2024ஆம் கல்வியாண்டின் வருகை, படிப்பு, பள்ளிச் செயல்பாடுகள் பற்றி மட்டும் பேசுகிறது.’ அதற்குள் எழுதும் ஒவ்வொன்றும் உண்மை. ‘முழுவதும்’, ‘ஒருபோதும்’, ‘குறையற்ற’ போன்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது. அனுபவமுள்ள தலைமையாசிரியர் அந்த வரியைப் படித்ததும் மேலும் கேட்க வேண்டுமா என்று முடிவு செய்துகொள்வார். இதைப் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இரண்டு வடிவத்தையும் மேசையில் வைத்துப் படிக்கச் சொன்னால், பலர் முழுக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஒன்று மட்டும் கூடாது. ‘இடைநீக்கம் உண்டா?’ என்று புதிய பள்ளியின் படிவமே கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று நிரப்பவோ கோடு போடவோ முடியாது. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் ‘தகவல் தரப் பெற்றோர் ஒப்புதல் இல்லை’ என்று எழுதுங்கள்.

விசாரணைக்கு முன்பே பெற்றோர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ‘நீக்கப்பட்டார்’ என்று எழுதலாமா?

கூடாது. 1996ஆம் ஆண்டு பள்ளிகள் சட்டப்படி அரசுப் பள்ளியிலிருந்து ஒரு மாணவரை நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மட்டும்தான். பள்ளி நிர்வாகக் குழு முறையாக விசாரித்து அதிகபட்சம் 7 பள்ளி நாள் இடைநீக்கம் செய்யலாம், நிரந்தர நீக்கத்துக்குப் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. தலைமையாசிரியர் தனியாக யாரையும் நீக்க முடியாது. நடக்காததை எழுதினால் அது அவதூறு.

‘சொந்த விருப்பத்தில் விலகினார்’ என்று பூசி மெழுகுவதும் சரியில்லை. நடந்ததை நடந்தபடி: ‘பெற்றோர் 14 மே அன்று விலக்கிக்கொண்டனர். அப்போது ஒரு ஒழுங்கு விசாரணை நிலுவையில் இருந்தது. அது நடைபெறவில்லை, எந்த முடிவும் எடுக்கப்படவில்லை.’ இதற்கும் ஒப்புதல் வேண்டும். கிடைக்காவிட்டால் தேதியும் கிரேடும் வருகையும் மட்டும் உள்ள கடிதம். குற்றம் உறுதியாகாததால் அது என்ன குற்றச்சாட்டு என்பதை எழுத மாட்டேன்.

‘கூட்டிக்கொண்டு போங்கள், நல்ல சான்று தருகிறேன்’ என்று பேரம் பேசும் பள்ளிகளும் உண்டு. அப்படி வந்த ஒரு கடிதத்தோடு சேர்ந்த பிள்ளையால் இன்னொரு பிள்ளைக்கு அடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற அளவுக்கு விஷயம் இருந்தால் அது கடிதத்தில் ஓர் அடைமொழியாகத் தீராது. குழந்தை துன்புறுத்தல் என்றால் ஆசிரியருக்குச் சட்டப்படி புகார் கடமை இருக்கிறது: சமூகநலத் துறை, காவல்துறை, அல்லது பதிவுபெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு. பிள்ளை பள்ளி மாறினாலும் அந்தக் கடமை மாறாது.

உண்மையைத்தானே எழுதுகிறேன், அவதூறு வழக்கு எப்படி வரும்?

நம் நாட்டில் உண்மை என்பது மட்டும் போதாது; அதை வெளியிட்டதில் பொதுநன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். இன்னொரு பாதுகாப்பும் உண்டு: தெரிந்துகொள்ள உரிமையுள்ளவருக்கு, பொறுப்புள்ள ஒருவர், வன்மமில்லாமல் தரும் கருத்து. புதிய பள்ளிக்கு, பள்ளி சம்பந்தமாக எழுதும்போது இது பொருந்தும். வன்மம் தெரிந்தால் போய்விடும். அதனால்தான் பெறுநரின் பெயரைப் போட்டு எழுதச் சொல்கிறேன். ‘சம்பந்தப்பட்ட யாருக்கும்’ என்று தொடங்கும் கடிதத்தில் ஒழுங்கு விவரமே வேண்டாம்.

கஞ்சா பிடிக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். மனநல மருத்துவரிடமும் போகிறான். எதை எழுதுவது?

இரண்டையும் எழுத வேண்டாம். ‘எல்லாருக்கும் தெரியும்’ என்பது ஆதாரமே அல்ல. விசாரணையில் நிரூபணமானால் மட்டும் மேலே சொன்ன முறையில். உடல்நலம், மனநலம் எதுவும் நடத்தைச் சான்றில் வராது. உதவி தேவை என்றால் பெற்றோர் சம்மதத்தோடு கோப்பு வழியாக, புதிய பள்ளியின் ஆதரவு ஆசிரியரிடம் நேராகப் போக வேண்டும்.

பள்ளிக் கட்டணம் பாக்கி. சான்றை நிறுத்தி வைக்கலாமா, அல்லது அதில் எழுதலாமா?

இரண்டும் வேண்டாம். கட்டணம் பெற்றோரின் கடன். அதை வசூலிக்கப் பள்ளிக்குச் சட்ட வழி இருக்கிறது. பிள்ளையின் நடத்தையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

ஒரு டெர்ம்தான் இங்கே இருந்தாள், எனக்கு முகமே நினைவில்லை.

அப்படியே எழுதுங்கள்: ‘ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் இங்கே படித்தார், நடத்தை பற்றி முழுமையாகக் கருத்துச் சொல்ல இக்காலம் போதாது. இக்காலத்தில் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் பதிவாகவில்லை.’ வகுப்பாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசினால் இன்னும் ஒரு உருப்படியான வரி கிடைக்கும். ‘பதிவாகவில்லை’ என்பதும் ‘நடக்கவில்லை’ என்பதும் வேறு வேறு. முதலாவதை மட்டுமே உங்களால் சொல்ல முடியும்.

புதிய பள்ளியிலிருந்து போனில் கூப்பிட்டு ‘கடிதம் இருக்கட்டும், உண்மையைச் சொல்லுங்கள்’ என்கிறார்கள்.

அடிக்கடி நடக்கும். முதலில் அந்தப் பள்ளியின் அலுவலக எண்ணைத் தேடி நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் பேசுவது பிரிந்துபோன கணவராகவும் இருக்கலாம். அப்புறம், கடிதத்தில் எழுதத் தயாரில்லாத எதையும் போனில் சொல்லாதீர்கள். தேதி, பேசியவர், சொன்னது மூன்றையும் கோப்பில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பெற்றோர் ஒப்புதலோடு. முன்பு சொன்ன எல்லை வரி கடிதத்தில் இருந்தால், ‘அந்த வரியைப் படித்தீர்களா?’ என்று கேட்டாலே அனுபவசாலிக்குப் புரிந்துவிடும். ஆனால் குரலை இறக்கிப் பூடகமாகப் பேசாதீர்கள். ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொன்னதாக ஆகிவிடும், அது பையனுக்கு நடந்ததைவிடப் பெரிதாகத் தோன்றும்.

கவரை ஒட்டித் தரலாமா? பெற்றோர் படிக்காமல் இருந்தால் வெளிப்படையாக எழுதலாமே?

ஒட்டலாம், ஆனால் படிக்க மாட்டார்கள் என்று நினைத்து எழுதாதீர்கள். தங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை போபியா தருகிறது. பள்ளியில் ஒரு நகல் இருக்கும், கேட்டால் காட்ட வேண்டி வரும். நான் கொடுக்கும் முன்பே மாணவரை அழைத்துப் படிக்கச் சொல்வேன். தேதி தவறு, கிரேடு தவறு எல்லாம் அப்போதே கண்ணில் படும். கருத்தை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன், தகவல் தவறென்றால் உடனே திருத்துவேன்.

மகள் சென்னையில் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே ‘கண்டக்ட் சர்ட்டிபிகேட்’டும் ‘டிசி’யும் கேட்கிறார்கள். எங்கள் பள்ளி இரண்டையும் தருவதில்லை என்கிறார்கள்.

டிசி என்ற வடிவம் இங்கே இல்லை, அதனால் அலுவலகம் அப்படிச் சொல்வது இயல்பு. பள்ளி லெட்டர்ஹெட்டில் ஒரே கடிதமாகக் கேளுங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முடித்த கிரேடு, மேட்ரிக் எழுதிய ஆண்டு, பயிற்றுமொழி, அதன் கீழே நடத்தை. அங்கே எழுத்தர்கள் தேடும் ஒரு வரி உண்டு. ஒழுங்கு நடவடிக்கை இல்லாதவர் என்றால் ‘பதிவேட்டின்படி இவருடைய நடத்தை நன்று’ என்று அதையும் சேர்த்துவிடலாம், உண்மையாக இருக்கும் வரை. பெயர் பாஸ்போர்ட்டோடு ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. இங்கே குடும்பப் பெயராக இருப்பது அங்கே இனிஷியலாக மாறி நிறையப் பேர் அலைந்திருக்கிறார்கள்.

மேட்ரிக்கின் சமநிலைக்கு டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சான்றைக் கல்லூரி தனியாகக் கேட்கலாம். அதற்கும் தலைமையாசிரியர் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. நான்காம் டெர்ம் முடிந்து டிசம்பரில் அலுவலகம் பூட்டினால் ஜனவரி வரை கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது, அக்டோபரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.